ராயக்கோட்டை பஸ்ஸும் ஒன்பது கட்டமும்

"ஓசூர் சிப்காட்டில் வண்டி உதிரிபாகம் செய்யும் கம்பெனியில் மெஷின் ஷாப் பார்க்கிறேன் ஐயா. என் கீழ் 14 பேர். ஒன்பது கட்டத் தாளைக் கொடுத்து, வெள்ளிக்கிழமைக்குள் எல்லோரையும் நிரப்பித் தரச் சொல்கிறார்கள். ஷிப்ட் சூப்பர்வைசர் அம்மா ஒருவர் அருமையான வேலைக்காரர். ஆனால் ரிவ்யூவில் வாய் திறக்க மாட்டார், நைட் ஷிப்ட் பார்த்ததில்லை. 'பொட்டென்ஷியல் லோ என்று போடு' என்கிறார் என் மேனேஜர். இன்னொருவர் வந்தே நாலு மாதம்தான் ஆகிறது. இருவரையும் எங்கே போடுவது? வருடக் கணக்கை இணைத்திருக்கிறேன்."

அந்த அம்மாவை பெர்ஃபார்மன்ஸ் உயர்வு, பொட்டென்ஷியல் நடுத்தரம் என்ற கட்டத்தில் போடுங்கள். நாலு மாதக்காரரை எந்தக் கட்டத்திலும் போடாதீர்கள். ஏன் என்று இனிமேல் சொல்கிறேன். மேனேஜர் கேட்டால் நீங்கள் சொல்ல வேண்டியதும் அதுதான்.

தாளில் ஒரு அச்சு பெர்ஃபார்மன்ஸ், மறு அச்சு பொட்டென்ஷியல். ஒவ்வொன்றிலும் உயர்வு, நடுத்தரம், லோ என்று மூன்று படி, அதனால்தான் ஒன்பது கட்டம். இரண்டிலும் உயர்வு என்பதுதான் மேல் கோடி. கட்டத்துக்கு நம்பர் போட்டிருந்தால் அந்த நம்பரை மட்டும் நம்பாதீர்கள். சில கம்பெனியில் 9 என்றால் மேல் கோடி, சிலதில் 1 என்றால் மேல் கோடி. ஆள் மாறி உட்கார்ந்ததை நானே பார்த்திருக்கிறேன். வார்த்தையில் எழுதுங்கள்.

முதலில் பெர்ஃபார்மன்ஸ். இது முடிந்துபோன வேலையின் கணக்கு. நீங்கள் அனுப்பிய தாளில் அவர் ஷிப்டின் இலக்கு 420 பீஸ், வருட சராசரி 418. எச்ஆர் விதிப்படி இலக்கில் 102 சதவீதம் தாண்டினால்தான் 'உயர்வு', அதாவது 429 பீஸாவது வேண்டும். அதனால்தான் உங்கள் பென்சில் குறிப்பில் 'நடுத்தரம்' என்று இருக்கிறது. ஆனால் மாத வாரியாகப் பாருங்கள். பத்து மாதம் சராசரி 431. ஜூலையும் ஆகஸ்டும் மட்டும் 352. அந்த இரண்டு மாதம் லேத்தில் ஸ்பிண்டில் பேரிங் போய், ஸ்பேர் வரவில்லை என்று நீங்களே ஓரத்தில் எழுதியிருக்கிறீர்கள்.

உடனே அந்த இரண்டு மாதத்தை அடித்துவிடலாமா? கூடாது. பிடித்தவருக்கு மோசமான மாதத்தை அடிப்பதும், பிடிக்காதவருக்கு விட்டுவிடுவதும்தான் இந்த வேலையில் நடக்கிற பெரிய திருட்டு. அதே மெஷினில் அதே இரண்டு மாதம் அடுத்த ஷிப்ட் எவ்வளவு எடுத்தது என்று பாருங்கள். உங்கள் தாளிலேயே இருக்கிறது, 340. அப்படியென்றால் குறை மெஷினுடையது, அதிலும் இவர் 12 பீஸ் கூடவே எடுத்திருக்கிறார். ரிஜெக்ஷன் 1.9 சதவீதத்திலிருந்து 1.1க்கு இறங்கியிருக்கிறது. 'உயர்வு' என்று தைரியமாகப் போடலாம். ஆனால் இதே சோதனையை 14 பேருக்கும் செய்ய வேண்டும். புது மெஷின் கிடைத்ததால் நம்பர் ஏறியவர் யாராவது இருந்தால் அவருக்கும் செய்ய வேண்டும், அது கொஞ்சம் கசக்கும்.

இரண்டையும் ஒரே நாளில் போடாதீர்கள். இன்று 14 பேருக்கும் பெர்ஃபார்மன்ஸ் மட்டும் போட்டு, தாளை மூடி வையுங்கள். நாளை பொட்டென்ஷியல். ஒரே மூச்சில் போட்டால் முதலாவது இரண்டாவதையும் இழுத்துக்கொண்டு போகும். நன்றாக வேலை செய்கிறவர் எல்லோரும் மேல் கோடிக்குப் போய்விடுவார்கள், அப்புறம் இரண்டு அச்சு எதற்கு?

இப்போது பொட்டென்ஷியல். உங்கள் மேனேஜர் தடுமாறுவது இங்கேதான், அவர் மட்டுமல்ல, பாதி ஓசூர். பொட்டென்ஷியல் என்றால் எதற்கான பொட்டென்ஷியல் என்று முதலில் ஒரு வரி எழுத வேண்டும். 'இரண்டு வருடத்துக்குள் செக்ஷன் இன்சார்ஜ் வேலை பார்ப்பாரா' என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த வரி இல்லாவிட்டால் ஆள் பேசுகிற விதம், சட்டை, சிரிப்பு எல்லாம் மார்க் ஆகிவிடும். வரி இருந்தால் மூன்று விஷயத்துக்குச் சாட்சி தேடினால் போதும்: புதுசாக வந்ததை எவ்வளவு சீக்கிரம் பிடித்துக்கொள்கிறார், இப்போதைய வேலையை விடச் சிக்கலானதைக் கொடுத்தபோது என்ன செய்தார், அந்த வேலை அவருக்கு வேண்டுமா.

நீங்கள் எழுதியிருப்பதிலேயே சாட்சி இருக்கிறது. புது வாடிக்கையாளரின் ஃபிளாஞ்ச் வந்தபோது இவர் ஷிப்ட் ஒன்பது வேலை நாளில் நிலைக்கு வந்தது, அடுத்த ஷிப்டுக்கு மூன்று வாரத்துக்கு மேல் ஆனது. செட்டிங் முறையைப் படம் போட்டுத் தமிழில் எழுதி மெஷினில் ஒட்டினார். இவரிடம் கற்றுக்கொண்ட இரண்டு ஆபரேட்டர்கள் இன்று தாங்களே செட்டிங் போடுகிறார்கள். இது லோ இல்லை. அதேசமயம் இன்சார்ஜ் லீவில் இருந்த 11 நாளில் மெட்டீரியல் குறைவதைக் காலையிலேயே பார்த்தும், பிளானிங்குக்குச் சாயங்காலம்தான் சொன்னார், ஒரு லோடு தள்ளிப்போனது. தன் செக்ஷனுக்கு வெளியே போய்ப் பேச வேண்டிய இடத்தில் தயங்கியிருக்கிறார். அதனால் 'உயர்வு' என்றும் சொல்ல முடியாது. நடுத்தரம்.

ரிவ்யூவில் பேசாதது? உங்கள் ரிவ்யூ என்ன மொழியில் நடக்கிறது என்று யோசியுங்கள். பெங்களூரிலிருந்து வந்தவர்கள் பாதி கன்னடம், பாதி இங்கிலீஷ். வீட்டில் தெலுங்கு, வெளியே தமிழ் பேசுகிற ராயக்கோட்டைப் பக்கத்துக்காரர் அங்கே எதைச் சொல்வார்? அது பயிற்சியில் தீர்க்க வேண்டிய குறை. நைட் ஷிப்ட் கதை இன்னும் மோசம். பெண்களை நைட்டில் போடுவதில்லை என்று முடிவெடுத்தது கம்பெனி, பத்து மணிக்கு மேல் ராயக்கோட்டைக்கு பஸ் விடாததும் கம்பெனி. அப்புறம் 'நைட் பார்த்த அனுபவம் இல்லை' என்று அவர் தலையில் எழுதுவது என்ன நியாயம்? இதெல்லாம் தயார்நிலை சம்பந்தப்பட்டது. குறிப்பில் எழுதுங்கள், அச்சில் ஏற்றாதீர்கள்.

இது உங்கள் ஊர் வியாதி மட்டுமல்ல. வட அமெரிக்காவின் பெரிய சில்லறை விற்பனைக் கம்பெனி ஒன்றில் சுமார் 30,000 பேரின் இதே மாதிரி மதிப்பீடுகளை ஆலன் பென்சன், டேனியல் லீ, கெல்லி ஷூ என்ற மூன்று பொருளியலாளர்கள் அலசினார்கள். பெண்களுக்கு பெர்ஃபார்மன்ஸில் ஆண்களை விடக் கூடுதல் மார்க், பொட்டென்ஷியலில் குறைவு. ஒரே பொட்டென்ஷியல் மார்க் வாங்கியவர்களை அடுத்தடுத்த வருடம் பார்த்தால், பெண்கள்தான் கூடுதலாகச் செய்திருக்கிறார்கள். மேனேஜர் வாதாடினால் இதைச் சொல்லுங்கள்.

அந்த வேலை அவருக்கு வேண்டுமா என்ற மூன்றாவது கேள்விக்குப் பதில் உங்களிடம் இல்லை, என்னிடமும் இல்லை. அவரையே கூப்பிட்டு, 'இன்சார்ஜ் வேலை வந்தால் பார்ப்பீர்களா, எது தடை' என்று கேளுங்கள். வேண்டாம் என்றால் 'இப்போதைக்கு விருப்பமில்லை' என்று தேதி போட்டு எழுதுங்கள். 'குடும்பம் இருக்கு, வேண்டாம்னுதான் சொல்வாங்க' என்று நீங்களாகப் பதில் எழுதிவிடாதீர்கள்.

இனி நாலு மாதக்காரர். இவரைப் பற்றிக் கொஞ்சம் அதிகமாகவே சொல்வேன், காரணம் இருக்கிறது. பல வருடம் முன்பு ஒரு தொழிற்சாலையில் நான் எச்ஆரில் இருந்தபோது, டூல் ரூமிலிருந்து புரொடக்ஷனுக்கு வந்து ஐந்து மாதமே ஆன ஒரு பையனை இரண்டு அச்சிலும் கீழே போட்டோம். காலி கட்டம் விடக் கூடாது என்று மேலிடத்து உத்தரவு. டூல் ரூமில் அவன் கைவேலை பேர் பெற்றது. புது வேலையில் முதல் ஆறு மாதம் எல்லோருக்கும் நம்பர் விழும், அது வேலை கற்றுக்கொள்ளும் கூலி. அந்தக் கட்டத்தைப் பார்த்து அடுத்த புரமோஷன் பட்டியலில் பேரை எடுத்தார்கள், அவன் வேறு கம்பெனிக்குப் போய்விட்டான். கையெழுத்து என்னுடையதும்தான்.

அதனால், பதவியில் ஆறு மாதம் முடியாதவருக்கு இரண்டு அச்சும் காலி. ஆறிலிருந்து பன்னிரண்டு மாதம் என்றால் பெர்ஃபார்மன்ஸ் போடலாம், பக்கத்தில் 'தற்காலிகம்' என்று எழுத வேண்டும். ஒரே கம்பெனிக்குள் வேலை மாறியவரும் புதியவர்தான், சர்வீஸ் பத்து வருடம் இருந்தாலும். பழைய இடத்து மேனேஜர் மார்க்கைக் கொண்டுவந்து ஒட்டாதீர்கள், அது பழைய வேலைக்கான மார்க். எக்செல் காலி கட்டத்தை ஏற்காது என்று எச்ஆர் சொன்னால், 'மதிப்பிட நாளாகவில்லை' என்று பத்தாவதாக ஒரு கட்டம் கீழே வரையச் சொல்லுங்கள். ஐந்து நிமிட வேலை. வெள்ளிக்கிழமைக்குள் முடி என்பவர்களுக்கு அந்த ஐந்து நிமிடம்தான் கிடைப்பதில்லை.

இன்னொன்று, உங்கள் எச்ஆர் தாளின் அடியில் 'மேல் கோடியில் 10 சதவீதத்துக்கு மேல் கூடாது' என்று அச்சிட்டிருக்கிறது. 14 பேரில் 10 சதவீதம் என்றால் 1.4 ஆள். அந்த 0.4 ஆளை எங்கே வெட்டுவது என்று கேட்டுப் பாருங்கள். ஆயிரம் பேருக்குப் பொருந்துகிற கணக்கு 14 பேருக்குப் பொருந்தாது.

அப்புறம், பொட்டென்ஷியல் டெஸ்ட் விற்க வருகிற கன்சல்டன்ட்கள். தலைக்கு இவ்வளவு என்று வாங்கி, கம்ப்யூட்டரில் கேள்வி கேட்டு, கலர் ரிப்போர்ட் தருவார்கள். 'இந்த டெஸ்டில் மேலே வந்தவர்கள் எங்கேயாவது பதவி உயர்ந்து நன்றாகச் செய்தார்களா, காட்டு' என்று கேளுங்கள். பெரும்பாலும் பேச்சு வேறு பக்கம் போகும். இந்தக் கட்டமே முதலில் ஆட்களுக்காக வந்ததல்ல. 1970களில் ஜெனரல் எலக்ட்ரிக் தன் தொழில்களில் எதில் பணம் போடலாம் என்று பார்க்க மெக்கின்சி கம்பெனி போட்டுக் கொடுத்த மாதிரி அது. அப்புறம்தான் மனிதர்களை அதில் உட்கார வைத்தார்கள். பல்ப் தொழிலுக்குத் தன்னை எந்தக் கட்டத்தில் போட்டார்கள் என்று தெரியாது, உங்கள் சூப்பர்வைசருக்கு மறுநாளே தெரிந்துவிடும்.

புதன் அல்லது வியாழன் மற்ற செக்ஷன்காரர்களோடு உட்காரும்போது, ஒவ்வொரு ஆளுக்கும் முதலில் சாட்சியைப் படியுங்கள், கட்டத்தின் பேரைக் கடைசியில் சொல்லுங்கள். மேனேஜரைக் கடைசியாகப் பேசச் சொல்லுங்கள். அவர் முதலில் பேசினால் மற்றவர்கள் தலையாட்டுவதோடு சரி.

அந்த அம்மாவின் வரிக்குப் பக்கத்தில் இப்படி எழுதலாம்: 'மூன்று மாதம் காலை பிளானிங் மீட்டிங்கில் மெஷின் ஷாப் சார்பில் இவர், ஆறாவது மாதம் மறுபடி பார்க்க வேண்டும்.' அவரிடம் பேசும்போது கட்டத்தைக் காட்ட வேண்டாம், இந்த மீட்டிங் வேலையைச் சொல்லுங்கள். மீட்டிங் ஒன்பது மணிக்கு என்றால் காலை ஷிப்டில் அவர் இருப்பார். இரண்டு மணி ஷிப்ட் வருகிற வாரத்துக்கு பஸ் ஏற்பாட்டை முன்கூட்டியே பேசி வையுங்கள்.