இரவு பன்னிரண்டரைக்கு லண்டனில் எத்தனை மணி?

கேள்வி: கம்பஸில் மூன்றாம் வருடம் படிக்கிறேன். ஒரு சிறுகதை எழுதியிருக்கிறேன். கதையில் வருபவளும் கம்பஸ் பிள்ளைதான். இரவில் தான் படிப்பதை ஒரு மணி நேரம் போனில் எடுத்து யூடியூபில் போடுகிறாள். பேச்சு இல்லை, மேசை, கொப்பி, எழுதும் கை, அவ்வளவுதான். பார்ப்பவர்களில் பெரும்பாலானோர் வெளிநாட்டில் இருப்பவர்கள் என்று பிறகு தெரிகிறது. அதை ஒரு சிநேகிதி வந்து சொல்வதாக எழுதினேன், ஒட்டவில்லை. முடிவில் அவள் அழுகிறாள். அது எனக்கே பிடிக்கவில்லை. என்ன செய்யலாம்?
– கொக்குவிலிலிருந்து ஒரு வாசகி

பதில்: சிநேகிதியைக் கதையிலிருந்து அனுப்பிவிடுங்கள், பாவம். அவள் சொல்லவேண்டிய செய்தி ஏற்கனவே உங்கள் பிள்ளையின் போனுக்குள் கிடக்கிறது. அவளே தடுக்கிவிழுந்து கண்டுபிடிக்கட்டும். அதுவும் ஒரே பார்வையில் வேண்டாம், கொஞ்சம் கொஞ்சமாக.

முதலில் ஒரு கேள்வி. அவள் ஏன் இரவில் போடுகிறாள்? இரவில் படிப்பது வீடு அடங்குவதால் என்று எழுதியிருப்பீர்கள். சரி. ஆனால் இரவிலேயே ஏற்றுவது எதற்கு? நம் ஊரில் அதற்குப் பதில் எல்லாருக்கும் தெரியும்: நைட் டேட்டா. ஒரு மணி நேர வீடியோ என்றால் சில ஜிபி வரும். பகல் டேட்டாவில் அதை ஏற்றினால் மாதம் முடியும் முன்னே பக்கேஜ் முடிந்துவிடும். ஆகவே பன்னிரண்டு அடிக்கும்வரை காத்திருந்து ஏற்றத் தொடங்குகிறாள். பன்னிரண்டரைக்கோ ஒரு மணிக்கோ வீடியோ வெளியே போகிறது. அவளைப் பொறுத்தவரை அது ஊர் உறங்கும் நேரம், யாரும் பார்க்காத நேரம். ஆனால் நமக்கு இரவு 12.30 ஆகும்போது, கோடைகாலத்தில் லண்டனில் இரவு 8 மணி, பாரிஸிலும் ஒஸ்லோவிலும் 9 மணி. சாப்பிட்டுவிட்டு உட்காரும் நேரம். இதை அவள் திட்டமிடவில்லை, காசு மிச்சம் பிடித்தாள். இந்தத் தற்செயலை நீங்கள் விட்டுவிடக்கூடாது.

இனி அவள் பார்க்கும் திரைக்கு வருவோம். யூடியூப் ஸ்டூடியோவில் Audience என்ற பகுதியில் When your viewers are on YouTube என்று ஒரு படம் வரும். நாளுக்கு ஒரு நிரல், மணிக்கு ஒரு கட்டம். நிறம் ஊதா, ஆள் கூடக் கூடக் கறுத்துக்கொண்டு போகும். மணி நம் ஊர் மணிதான். அவள் கட்டங்களைப் பார்க்கிறாள்: மாலை ஏழு, எட்டு வெளிறியிருக்கிறது. நள்ளிரவு கறுத்திருக்கிறது. விடியற்காலை ஐந்தரைக்கும் ஒரு கறுப்பு. முதலில் அவள் நினைப்பது, 'என்னைப் போல எத்தனை பிள்ளைகள் நித்திரை முழித்துப் படிக்கினம்!' என்பதாக இருக்கட்டும். தவறாகப் புரிந்துகொள்ளும் இந்த இடம் கதைக்கு நல்லது. அந்த ஐந்தரை ரொறன்ரோவின் இரவு எட்டு மணி என்பது வாசகருக்கு அவளுக்கு முன்பே உறைத்தாலும் பரவாயில்லை.

இங்கே ஒரு எச்சரிக்கை. அந்தப் படம் காட்டுவது, அவளுடைய பார்வையாளர்கள் யூடியூபில் இருக்கும் நேரத்தை. அவள் வீடியோவைப் பார்த்த நேரத்தை அல்ல. அந்த நேரத்தில் அவர்கள் சமையல் வீடியோவும் பார்த்துக்கொண்டிருக்கலாம். 'நள்ளிரவில் நானூறு பேர் என்னைப் பார்க்கிறார்கள்' என்று அவளைச் சொல்லவிடாதீர்கள். சனல் வைத்திருக்கிற எவரும் அந்த வரியில் கதையை மூடிவிடுவார்கள்.

அடுத்து நாடுகளின் பட்டியல். அதைத் திறந்ததும் கனடா, லண்டன் என்று கொட்டவேண்டியதில்லை. லண்டன் அங்கே வராது, நாட்டின் பெயர்தான் வரும். அதைவிட, பட்டியலில் இலங்கையே முதலில் நிற்கட்டும். எப்படி என்கிறீர்களா? கதைக்காக ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். நூறு பார்வைகள். அறுபது இங்கிருந்து: கம்பஸ் கூட்டாளிகள், மச்சாள்மார். வந்து பார்த்துவிட்டு இரண்டு நிமிடத்தில் போய்விடுகிறார்கள்; மொத்தம் 120 நிமிடம். நாற்பது வெளியிலிருந்து, ஆளுக்கு முப்பது நிமிடம் இருக்கிறார்கள். மொத்தம் 1200 நிமிடம். எத்தனை முறை பார்த்தார்கள் என்ற கணக்கில் ஊர்தான் பெரும்பான்மை. Watch time என்ற கணக்கில் பத்தில் ஒன்பது பங்கு வெளியே. அவள் பக்கத்து நிரலுக்குக் கண்ணை நகர்த்தும் அந்த ஒரு நொடிதான் உங்கள் கதையின் நடு. சிநேகிதி சொன்னால் இந்த நொடி கிடைக்காது.

அந்த நாற்பது பேரும் யார் என்று திரை சொல்லாது. பெயர் வராது, வயது கொஞ்சம் வரும், தமிழரா என்பது வராது. எல்லாரையும் ஊர் நினைவில் கண்கலங்கும் மாமாக்களாக ஆக்கிவிடாதீர்கள். அந்த மாமாவை நம் பத்திரிகைகளில் போதுமான அளவு பார்த்துவிட்டோம். பிரான்ஸில் கணக்குப் பரீட்சைக்குப் படிக்கும் ஒரு பதினேழு வயதுப் பிள்ளைக்கு எதிரே ஒருத்தி எழுதிக்கொண்டிருந்தால் போதும், அவள் எந்த ஊர் என்று கேட்கமாட்டாள். யாராவது ஒருவர் கருத்து எழுதித்தான் ஆகவேண்டும் என்றால், '31வது நிமிடத்தில் கேட்டது பல்லியா?' என்ற அளவில் நிறுத்துங்கள்.

சரி, முடிவு. அழுகையை எடுத்துவிட்டு அங்கே கடிகாரத்தை வையுங்கள். ஐரோப்பாவில் ஒக்டோபர் கடைசி ஞாயிறு மணியை ஒன்று பின்னுக்கு வைக்கிறார்கள்; கனடாவில் பெரும்பாலான இடங்களில் நவம்பர் முதல் ஞாயிறு. நம் கடிகாரம் அசையாது. அப்படியென்றால் லண்டனின் இரவு எட்டு மணி, நமக்குப் பன்னிரண்டரையிலிருந்து ஒன்றரைக்குத் தள்ளிப்போகிறது. ஊதாப் படம் கடைசி 28 நாட்களைச் சேர்த்துக் காட்டுவதால் ஒரே இரவில் மாறாது. நவம்பர் முழுக்க அந்தக் கறுப்பு மெல்ல மெல்ல ஒரு கட்டம் தள்ளி நகரும். ஊர்ப் பிள்ளைகள் எல்லாரும் ஒரே மாதத்தில் ஒரு மணி நேரம் பிந்தி விழிக்கப் பழகமாட்டார்கள். நித்திரை முழிக்கிற பிள்ளைகள் என்று அவள் நினைத்ததில் மிச்சமிருந்ததும் அங்கே உடைகிறது.

அவளுடைய அம்மாவுக்கு இதை விளக்கவேண்டிவந்தால் சுலபம். 1996இல் அரசு மணியை முன்னுக்குத் தள்ளியபோது வன்னியில் பழைய மணியிலேயே இருந்தார்கள். 2006 வரை 'பழைய நேரமோ புதிய நேரமோ' என்று கேட்டுத்தான் ஒரு இடத்துக்குப் போகவேண்டும். அந்தத் தலைமுறைக்கு ஒரே வேளைக்கு இரண்டு மணி இருப்பது புதிதல்ல. ஆனால் நான் எழுதினால் அம்மாவுக்கு விளக்கவே மாட்டேன்.

நவம்பரில் ஒரு இரவு. பன்னிரண்டு அடிக்கிறது, நைட் டேட்டா வந்துவிட்டது. வீடியோ தயார். அவள் ஏற்றவில்லை; போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு இன்னொரு பக்கம் எழுதுகிறாள். ஒரு மணிக்குத்தான் எடுக்கிறாள். உள்ளறையிலிருந்து அம்மாவின் குரல்: "பிள்ளை, இன்னும் லைற் எரியுது. வழக்கமா இந்நேரம் படுத்திடுவியெல்லே?"

"இப்ப நேரம் மாறிட்டுது அம்மா."