திரும்பத் திரும்ப வரும் கேள்வி எது? சொற்பட்டியல் பற்றிய கேள்வி பதில்

வாடிக்கையாளர்களின் கருத்துகளைத் தலைப்பு வாரியாகப் பிரிக்கும் வேலையைப் பல ஆண்டுகளாகச் செய்து வருகிறேன். பெரிய மென்பொருள் எதுவும் இல்லாமல், ஒரு விரிதாளையும் சில சொற்பட்டியல்களையும் வைத்துக்கொண்டே இதை உருப்படியாகச் செய்ய முடியும். தமிழில் வரும் கருத்துகளுக்கு மட்டும் தனிக் கவனம் தேவை. வந்த கேள்விகளில் சிலவற்றுக்கு இங்கே பதில் தருகிறேன்.

இணையக் கடை ஒன்றின் சேவைப் பிரிவில் இருக்கிறேன். எங்களிடம் 900 கருத்துகளுக்கு மேல் சேர்ந்துவிட்டன. டெலிவரி, விலை, அளவு, பணம் திருப்புதல் என்று தலைப்புகளை எழுதிவிட்டேன். ஒவ்வொன்றுக்கும் சொற்கள் எங்கே கிடைக்கும்?

கருத்துகளிலேயே கிடைக்கும். யோசித்து எழுதும் பட்டியலில் உங்கள் அலுவலகச் சொற்கள்தான் இருக்கும். நீங்கள் "டெலிவரி நிலவரம்" என்பீர்கள். வாடிக்கையாளரோ அந்தச் சொல்லே இல்லாமல் "பார்சல் இன்னும் வரவில்லை" என்று எழுதியிருப்பார்.

மொத்தத்திலிருந்து 200 கருத்துகளைக் கண்ணை மூடிக்கொண்டு எடுப்பதுபோல் எடுங்கள். கடைசி 200 வேண்டாம். போன வாரம் ஒரு வண்டி தாமதமாகியிருந்தால் பட்டியல் முழுவதும் அதுவே நிரம்பிவிடும். ஒவ்வொன்றையும் படித்து, பக்கத்தில் தலைப்பை எழுதுங்கள். எந்தச் சொல்லைப் பார்த்து அந்தத் தலைப்பு என்று முடிவு செய்தீர்களோ அந்தச் சொல்லுக்கு அடிக்கோடு இடுங்கள். அடிக்கோடு விழுந்த சொற்கள்தான் உங்கள் முதல் பட்டியல். பேச்சு வழக்கில் எழுதியதைத் திருத்தாமல் அப்படியே எடுத்துக்கொள்ளுங்கள். அரை நாள் வேலைதான், ஆனால் பின்னால் வரும் எல்லாமே இதன் மேல்தான் நிற்கிறது.

"பணம்" என்று தேடினால் பாதிக் கருத்துகள் சிக்கவில்லை. "பண" என்று சுருக்கினால் சம்பந்தமே இல்லாதவை எல்லாம் வந்து விழுகின்றன. என்ன செய்வது?

நம் சொற்கள் வேற்றுமை ஏற்கும்போது வடிவம் மாறுகின்றன. பணம் என்பது பணத்தை, பணத்துக்கு என்று ஆனதும் "பணம்" என்ற தேடல் அவற்றைத் தவறவிட்டுவிடுகிறது. சுருக்கினால் வேறொரு சிக்கல். கணினி எழுத்தையும் உயிர்க்குறியையும் தனித்தனியாகச் சேமித்து வைக்கிறது. அதன் பார்வையில் "பணி" என்பது ப, ண, இகரக் குறி. "பண்" என்பது ப, ண, புள்ளி. எனவே "பண" என்று தேடினால் பணியும் வரும், பண்டிகையும் வரும். எல்லாவற்றுக்கும் மேல் "டெலிவரி பண்ணுங்க", "கால் பண்ணேன்" என்று எழுதிய அத்தனை பேரும் பணக் குவியலில் போய் உட்கார்ந்துவிடுவார்கள்.

ஒவ்வொரு சொல்லுக்கும் இரண்டு அடிவடிவங்களைக் கொடுங்கள். புள்ளி இல்லாத "பணம" என்பது பணம், பணமாக, பணமே ஆகியவற்றைப் பிடிக்கும். "பணத்த" என்பது பணத்தை, பணத்துக்கு, பணத்தில் ஆகியவற்றைப் பிடிக்கும். கூகுள் விரிதாளில் இப்படி எழுதலாம்:

```
=REGEXMATCH(A2, "(?i)பணம|பணத்த|ரீஃபண்ட்|refund")
```

பணம் போல "அம்" என்று முடியும் பெயர்ச்சொற்களுக்கு இதே முறைதான். "விலை" போன்றவற்றுக்கு இந்தத் தொல்லை இல்லை. விலையை, விலைக்கு எல்லாம் "விலை" என்றே தொடங்குகின்றன.

நான் நிரல் எழுதுபவன். பைத்தானில் சொல்லின் இரு பக்கமும் சொல்லெல்லையைக் குறிக்கும் `\b` போட்டால் இந்தப் பிரச்சினையே வராது. விரிதாளை ஏன் பிடித்துக்கொண்டு இருக்க வேண்டும்?

ஆங்கிலத்துக்கு நீங்கள் சொல்வது சரி. பைத்தானின் `re` தமிழ் உயிர்க்குறிகளையும் புள்ளியையும் சொல்லின் பகுதியாக எண்ணுவதில்லை. அதனால் `\bவிலை\b` என்று தேடினால், விலை என்று தனியாக எழுதியிருக்கும் இடத்தில்கூடப் பொருந்தாது. முன்னால் தமிழ் எழுத்து இருக்கக் கூடாது என்று நீங்களே சொல்லிவிடுங்கள்:

```
t = unicodedata.normalize("NFC", t)
re.search(r"(?<![\u0B80-\u0BFF])(பணம|பணத்த)", t)
```

முதல் வரியை விட்டுவிடாதீர்கள். "கொ" என்பதில் உள்ள ஒகரக் குறியைச் சிலர் ஒரே குறியாகவும் சிலர் இரண்டு குறிகளாகவும் தட்டச்சு செய்கிறார்கள். கண்ணுக்கு ஒன்றுபோல் இருக்கும், தேடலில் பொருந்தாது.

ஒரு கருத்து ஒரு குவியலில்தான் இருக்க வேண்டும், இல்லையென்றால் கூட்டினால் நூறு சதவீதத்தைத் தாண்டிவிடும் என்று எங்கள் மேலாளர் சொல்கிறார். சரிதானே?

தாண்டும் என்பது சரி. அதனால் ஒன்றில்தான் இருக்க வேண்டும் என்பது சரியல்ல. "அளவு பொருந்தவில்லை, திருப்பி அனுப்பினால் பணம் எத்தனை நாளில் வரும்?" என்ற கருத்தை அளவில் மட்டும் போட்டால், அவர் உண்மையில் கேட்ட கேள்வி தொலைந்துவிடும். தலைப்புக்கு ஒரு பத்தி வைத்து, பொருந்தினால் 1, இல்லையென்றால் 0 என்று இடுங்கள். மேலாளருக்கு "மொத்தக் கருத்துகளில் இத்தனை டெலிவரியைத் தொடுகின்றன" என்று சொல்லுங்கள். கூட்டுத்தொகையைக் காட்டவே வேண்டாம்.

முதலில் கேட்டவன்தான். பிரித்துவிட்டேன். டெலிவரிக் குவியல்தான் பெரியது, 214. ஆனால் "டெலிவரி பற்றிக் கேட்கிறார்கள்" என்பதை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வது?

ஒன்றும் செய்ய முடியாது. தலைப்பு என்பது கேள்வி அல்ல. பலர் இங்கேதான் நின்றுவிடுகிறார்கள். இரண்டாவது பட்டியல் ஒன்று வேண்டும், கேள்வியின் வடிவத்துக்கு. எப்போது, எத்தனை நாள் என்பவை ஒரு வகை. எங்கே என்பது ஒரு வகை. ஏன் என்பது ஒரு வகை. முடியுமா, கிடைக்குமா என்று முடிபவை இன்னொரு வகை. இந்தக் கடைசி வகையைப் பிடிக்க "ுமா" என்று மட்டும் கொடுத்தால் "சுமார்" என்று எழுதியவர்கள் எல்லாம் வந்துவிடுவார்கள்; சொல் அங்கே முடிய வேண்டும் என்றும் சேர்த்துச் சொல்லுங்கள்:

```
ுமா([\s?.,!]|$)
```

214 கருத்துகளையும் இந்த இரண்டாம் பட்டியலோடு குறுக்கே வைத்து எண்ணுங்கள். கேள்விக்குறியை நம்பாதீர்கள், பாதிப் பேர் அதைப் போடுவதில்லை. பெரியதாக வரும் கட்டத்தை முழுவதுமாகப் படித்துவிட்டு எழுதுங்கள்.

படித்தேன். "எப்போது" கட்டத்தில் 72 இருந்தன. எல்லாம் ஒரே கேள்விதான்: எப்போது வரும்?

இன்னொரு முறை வினைச்சொற்களை மட்டும் பாருங்கள். "ஆர்டர் செய்தால்" என்று எத்தனை பேர், "ஆர்டர் செய்தேன்" என்று எத்தனை பேர்?

"செய்தால்" 41, "செய்தேன்" 26. மீதி ஐந்தில் இரண்டுமே இல்லை. இது என் கண்ணில் படவே இல்லை.

இவை இரண்டு வேறு கேள்விகள். 41 பேர் இன்னும் வாங்கவில்லை. எத்தனை நாளில் வரும் என்று தெரிந்தால்தான் முடிவு செய்வார்கள். பொருளின் பக்கத்தில், விலைக்கு அருகே ஒரு வரி எழுதினால் இந்தக் கேள்வி பெரும்பாலும் அடங்கிவிடும். அந்த 26 பேர் பணம் கட்டிவிட்டுக் காத்திருக்கிறார்கள். அவர்களுக்கு "பொதுவாக ஐந்து நாள்" என்ற வரியைக் காட்டினால் கோபம்தான் வரும்; அவரவர் பார்சல் எங்கே இருக்கிறது என்று தெரிய வேண்டும். ஒரே பதிலை இருவருக்கும் ஒட்டியிருந்தால் ஒரு தரப்பு தொடர்ந்து கேட்டுக்கொண்டே இருந்திருக்கும். "செய்தால்", "போட்டால்", "வாங்கினால்" ஒரு பட்டியல். "செய்தேன்", "போட்டேன்", "வாங்கினேன்" இன்னொரு பட்டியல். பேச்சு வடிவங்களையும் சேர்த்துக்கொள்ளுங்கள். எந்தத் தலைப்புக்கும் இந்த இரண்டும் பயன்படும்.

திட்டுகிறார்களா பாராட்டுகிறார்களா என்று பிரிக்கும் பட்டியல் ஒன்று தருவீர்களா? அதற்காகத்தான் வந்தேன்.

அது வேறு வேலை, இந்த முறைக்கு அடங்காது. "நல்ல" என்று தேடினால் "நல்லாவே இல்லை" என்பதும் பாராட்டாக வந்து நிற்கும். இந்தப் பட்டியல்கள் எதைப் பற்றிக் கேட்கிறார்கள் என்பதைத்தான் சொல்லும்.

பட்டியல் எவ்வளவு தவறவிடுகிறது என்று எப்படித் தெரிந்துகொள்வது? எல்லாவற்றையும் படிக்க முடியாதே.

இரண்டு இடத்தில் கொஞ்சம் படித்தால் போதும். ஒவ்வொரு குவியலிலிருந்தும் 30 எடுத்து, தவறாக வந்தவற்றை எண்ணுங்கள். அளவுக் குவியலில் "இந்த அளவுக்கு மோசமான சேவையா" என்பது நிச்சயம் இருக்கும். அதை விலக்க "அளவுக்கு மோச" என்று ஒரு விலக்குப் பட்டியல் வையுங்கள்.

இரண்டாவது இடம்தான் முக்கியம்: எதிலும் பொருந்தாமல் நிற்கும் "மற்றவை". அதில் 400 இருக்கிறது என்று வையுங்கள். அதிலிருந்து 50 படித்ததில் 12 டெலிவரி பற்றியவை என்றால், மொத்தத்தில் ஏறக்குறைய 96 டெலிவரிக் கருத்துகள் வெளியே கிடக்கின்றன என்று பொருள். அந்தப் பன்னிரண்டையும் பார்த்தால் காரணம் உடனே தெரியும். பெரும்பாலும் ஆங்கில எழுத்தில் எழுதிய தமிழாக இருக்கும்:

```
epo varum / eppo varum / yeppo delivery
```

இவற்றுக்கு `\by?epp?o` போதும். இங்கே `\b` வேலை செய்யும், எழுத்து ஆங்கிலம் என்பதால். அதை விட்டால் `report` என்பதற்குள் இருக்கும் `epo` பொருந்திவிடும். சேர்த்துவிட்டு மறுபடி 50 எடுத்துப் படியுங்கள். ஒன்றிரண்டுக்கு மேல் சிக்காதபோது நிறுத்திக்கொள்ளலாம். எந்தத் தலைப்பிலும் சேராத ஒரே மாதிரிக் கருத்துகள் அங்கே ஐந்தாறு கிடைத்தால், நீங்கள் நினைத்துப் பார்க்காத தலைப்பு ஒன்று இருக்கிறது. பரிசுப் பொதியல், பில்லில் நிறுவனப் பெயர் போன்றவை எனக்கு இப்படித்தான் அகப்பட்டன.

ஒரே ஆள் ஒன்பது முறை கேட்டிருக்கிறார். ஒன்பது என்று எண்ணுவதா, ஒன்று என்றா? எங்கள் அலுவலகத்தில் இதில் இரண்டு கட்சி.

எந்தக் கேள்விக்குப் பக்கத்தில் பதில் எழுதி வைப்பது என்று முடிவு செய்ய ஆட்களை எண்ணுங்கள். ஒன்பது கருத்து ஓர் ஆள். ஆனால் அந்த ஒன்பது என்ற எண்ணைத் தூக்கிப் போடாதீர்கள். அவருக்குக் கொடுத்த பதில் பதிலாகவே இல்லை என்பதை அது சொல்கிறது. நான் இரண்டு எண்ணையும் பக்கத்துப் பத்திகளில் வைத்துக்கொள்கிறேன். ஒரே ஆள் இரண்டு கணக்குகளிலிருந்து எழுதினால் ஆட்களின் எண்ணிக்கையும் பிசகும். அதற்கு நம்பகமான வழி எனக்கு இதுவரை அகப்படவில்லை. உங்களில் யாராவது செய்து பார்த்திருந்தால் எழுதுங்கள்.