விளம்பரப் பட்டனைத் தொடும் முன்: சமூக ஊடக மார்க்கெட்டிங் கற்க வருபவர்களின் கேள்விகள்

கேள்வி: எல்லாத் தளங்களிலும் கணக்கு திறந்துவிட்டேன். எதை முதலில் கற்பது?

ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு மற்றவற்றை இப்போதைக்கு விட்டுவிடுங்கள். அந்த ஒன்றும் உங்கள் சொந்தக் கணக்காக இல்லாமல், ஏதோ ஒன்றை விற்கும் அல்லது கற்றுத்தரும் வேறொருவரின் கணக்காக இருந்தால் நல்லது. சொந்தக் கணக்கில் நண்பர்கள் போடும் லைக் நம்மை ஏமாற்றிவிடும். வேறொருவரின் தொழில் என்றால், "இதனால் எனக்கு யாராவது வந்தார்களா?" என்று அவர் கேட்பார். இந்த வேலையே அந்தக் கேள்விக்குப் பதில் சொல்வதுதான்.

கணக்கைத் தொழில்முறைக் கணக்காக மாற்றுங்கள். அப்போதுதான் இன்சைட்ஸ் பகுதியில் எண்கள் தெரியும். பிறகு அந்தத் தொழில்காரரிடம் உட்கார்ந்து, வாடிக்கையாளர்கள் அவரிடம் உண்மையில் கேட்கும் 20 கேள்விகளை, அவர்கள் கேட்ட வார்த்தைகளிலேயே எழுதிக்கொள்ளுங்கள். முதல் இரண்டு மாதங்களுக்கான போஸ்ட்கள் அந்தத் தாளில் இருக்கின்றன. ட்ரெண்டிங் பாடலைத் தேடி அலைய வேண்டியதில்லை.

கேள்வி: வாரம் மூன்று போஸ்ட் போடுகிறேன். லைக் வருகிறது. ஆனால் எதையாவது கற்கிறேனா என்று தெரியவில்லை.

கற்பதற்கு ஏதாவது ஒன்றை ஒப்பிட வேண்டும். ஓர் எடுத்துக்காட்டைக் கணக்கோடு பார்ப்போம்.

இணையவழியில் கிட்டார் சொல்லித்தரும் ஆசிரியர் ஒருவருக்கு நீங்கள் வேலை செய்கிறீர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். நான்கு வாரங்களில் 12 வீடியோ. ஆறில் அவர் அழகாக வாசிக்கிறார். மற்ற ஆறில், புதியவர்கள் செய்யும் ஒரு தவறை எடுத்து அரை நிமிடத்தில் திருத்திக் காட்டுகிறார். நீளம், போடும் நேரம், முகப்புப் படத்தின் பாணி எல்லாம் ஒன்றே. மாறுவது உள்ளடக்கம் மட்டும்.

மாத முடிவில், வாசிக்கும் வீடியோ ஒவ்வொன்றும் சராசரியாக 3,000 பேரை எட்டியிருக்கிறது. லைக் 240, சேமித்தவர்கள் 12 பேர். திருத்தும் வீடியோ 900 பேரைத்தான் எட்டியது. லைக் 50, ஆனால் சேமித்தவர்கள் 45 பேர். லைக்கை மட்டும் பார்ப்பவர் முதல் வகையே வெற்றி என்று சொல்லி, அதையே தொடர்வார். வகுத்துப் பாருங்கள். முதல் வகையில் சேமிப்பு விகிதம் 0.4 சதவீதம், இரண்டாவதில் 5 சதவீதம். முதலாவதை ரசித்தவர்கள் கடந்து போய்விட்டார்கள். இரண்டாவதைப் பார்த்தவர்கள் பயிற்சி செய்யும்போது திரும்பப் பார்க்க எடுத்து வைத்திருக்கிறார்கள். மாணவர் ஆகக்கூடியவர் அவர்தான். "வகுப்பு எப்போது?" என்ற செய்திகள் எந்த வீடியோவுக்குப் பிறகு வந்தன என்பதையும் குறித்து வைத்திருந்தால் இந்த ஊகம் உறுதிப்படும்.

இதிலிருந்து அடுத்த மாதத்துக்கான கேள்வி பிறக்கிறது: திருத்தும் வீடியோ ஏன் 900 பேரோடு நின்றது? வீடியோவை எத்தனை பேர் எந்த நொடிவரை பார்த்தார்கள் என்ற வரைபடத்தைத் திறந்து பாருங்கள். முதல் மூன்று நொடிகளிலேயே கோடு செங்குத்தாக விழுந்தால் தொடக்கத்தில்தான் கோளாறு. ஆசிரியர் தன்னை அறிமுகப்படுத்திக்கொண்டு நேரத்தைக் கழித்திருப்பார். அடுத்த ஆறு வீடியோக்களில் தவறாக ஒலிக்கும் கம்பியின் சத்தத்திலேயே தொடங்குங்கள். மற்ற எதையும் மாற்றாதீர்கள். இரண்டை ஒரே நேரத்தில் மாற்றினால் எது வேலை செய்தது என்று தெரியாது. ஒரே ஒரு வீடியோவின் எண்ணை வைத்தும் முடிவு கட்டாதீர்கள். தற்செயலாக ஒன்று ஓடும், ஒன்று படுக்கும்.

இப்படி மூன்று சுற்று, அதாவது ஏறக்குறைய மூன்று மாதம், செய்யச் சொல்கிறேன். மெதுவாகத் தோன்றும். ஆனால் இந்தப் பழக்கம் இல்லாமல் விளம்பரத்துக்குப் போனவர்கள் காசைக் கொட்டிவிட்டுக் காரணம் தெரியாமல் நிற்பதைப் பலமுறை பார்த்திருக்கிறேன்.

கேள்வி: விளம்பரம் எப்போது தொடங்கலாம்? பூஸ்ட் பட்டன் போதாதா?

விளம்பரம் இல்லாமலே நன்றாகச் சேமிக்கப்பட்ட ஒரு போஸ்ட் கையில் இருக்கும்போது தொடங்கலாம். பூஸ்ட் அவசரத்துக்குச் சரி, கற்பதற்கு விளம்பரங்களை முழுமையாக அமைக்கும் ஆட்ஸ் மேனேஜர்தான். மெட்டாவில் அது மூன்று அடுக்கு: நோக்கம் கேம்பெயினில், யாருக்கு எவ்வளவு செலவில் என்பது பெரும்பாலும் ஆட் செட்டில், படமும் வரிகளும் ஆட்டில்.

நோக்கத்தைத் தேர்வதில்தான் புதியவர்கள் சறுக்குகிறார்கள். "டிராஃபிக்" என்று கொடுத்தால், கிளிக் செய்யும் பழக்கம் உள்ளவர்களை அது தேடிப் பிடித்துத் தரும். அவர்கள் வகுப்பில் சேர்பவர்களாக இருக்க வேண்டும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை. பெயரும் எண்ணும் வேண்டுமென்றால் "லீட்ஸ்" என்றே கேளுங்கள்.

இன்னொன்று, நானே தொடக்கத்தில் செய்த தவறு. தினமும் காலையில் விளம்பரத்தைத் திறந்து, பட்ஜெட்டையும் பார்வையாளர்களையும் மாற்றிக்கொண்டே இருந்தேன். பெரிய மாற்றம் ஒவ்வொன்றும், விளம்பரத்தை யாருக்குக் காட்டலாம் என்று மெட்டா கற்கும் கட்டத்தை மறுபடி முதலிலிருந்து தொடங்க வைக்கும். ஓர் ஆட் செட் நிலைபெற, நீங்கள் கேட்ட செயல் ஒரு வாரத்தில் சுமார் 50 முறை நடக்க வேண்டும் என்பது மெட்டாவின் வழிகாட்டுதல். சிறிய பட்ஜெட்டில் அந்த எண்ணை எட்டுவது கடினம். அதனால் ஐந்து ஆட் செட்டாகப் பிரிக்காமல் ஒன்றாகவே வைத்து, ஒரு வாரம் கையைக் கட்டிக்கொண்டிருங்கள்.

பிறகு எங்கே ஒழுகுகிறது என்று பாருங்கள். 2,000 முறை காட்டப்பட்டு 4 கிளிக்தான் என்றால் படமோ வரியோ சரியில்லை. 400 பேர் கிளிக் செய்தும் ஒருவர்கூடப் படிவத்தை நிரப்பவில்லை என்றால் விளம்பரத்தைக் குறை சொல்லாதீர்கள், அவர்கள் போய்ச்சேர்ந்த பக்கத்தைப் பாருங்கள். 40 கிளிக்கில் ஒருவர் சேர்ந்தார் என்றால் எதையும் முடிவு செய்ய முடியாது, காத்திருங்கள்.

கேள்வி: வந்தவர் எந்த போஸ்டிலிருந்து வந்தார் என்று எப்படிச் சொல்வது?

இணைப்பின் வாலில் ஒட்டும் யூடிஎம் குறிச்சொற்களை இரண்டாவது மாதத்திலேயே பழகிவிடுங்கள்.

```
https://example.com/class?utm_source=instagram&utm_medium=social&utm_campaign=fix_mistakes
```

கூகுள் அனலிட்டிக்ஸ் இவற்றைத் தனித்தனியாகப் பிரித்துக் காட்டும். ஒரு எச்சரிக்கை: `Instagram`, `instagram` இரண்டையும் அது வெவ்வேறு இடங்களாக எண்ணும். எப்போதும் சிறிய எழுத்திலேயே எழுதுங்கள்.

இதுவும் முழுமையான கணக்கு அல்ல. இன்று உங்கள் வீடியோவைப் பார்த்துவிட்டு, இரண்டு வாரம் கழித்துப் பெயரைத் தேடி வருபவர் இதில் பிடிபடமாட்டார். அதனால் சேர்பவரிடம் "எங்கே பார்த்தீர்கள்?" என்று வாயால் கேட்டுவிடுவதும் வேலையின் பகுதிதான்.

கேள்வி: சான்றிதழ் வாங்கினால் வேலை கிடைக்குமா?

மெட்டா புளூபிரிண்ட், கூகுள் ஸ்கில்ஷாப், ஹப்ஸ்பாட் அகாடமி மூன்றிலும் இலவசப் பாடங்கள் உண்டு. சொற்களும் திரைகளும் பழக அவை உதவும். விளம்பரம் தொடங்கும் வாரத்தில் அந்தப் பகுதியை மட்டும் படியுங்கள், மனத்தில் நிற்கும். நேர்முகத்தில் நான் ஆளெடுக்கும்போது கேட்பது வேறு: எதைச் சோதித்தீர்கள், என்ன எண் வந்தது, அதற்குப் பிறகு எதை மாற்றினீர்கள்? கிட்டார் ஆசிரியரின் மூன்று மாதக் கதையை, தோற்ற வீடியோக்களையும் சேர்த்து ஒரே பக்கத்தில் எழுதிக் கொண்டு வருபவரோடு நெடுநேரம் பேசுவேன்.