நாக்கடியில் வைப்பதா, விழுங்குவதா? நெஞ்சுவலி மாத்திரைகள் பற்றிக் கேள்வி பதில்

ஆஸ்பத்திரி மருந்தகத்தில் வேலை பார்த்து, பிறகு மருந்தியல் பாடம் நடத்தியவள் நான். வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் நெஞ்சுவலிக்கு நாக்கடியில் வைக்கும் சார்பிட்ரேட் மாத்திரை பற்றியே இருந்ததால் அங்கிருந்தே தொடங்குகிறேன்.

"அப்பாவுக்கு நெஞ்சுவலி வந்தப்ப பதற்றத்துல சார்பிட்ரேட்டைத் தண்ணியோட முழுங்கிட்டார். மாத்திரை வீணாப் போச்சா மேடம்?"

வீணாகவில்லை, ஆனால் தாமதமாகிவிட்டது. அந்த நேரத்தில் தாமதம்தான் ஆபத்து.

குடலில் ஊறும் மருந்து நேரே இதயத்துக்குப் போவதில்லை. குடலிலிருந்து திரும்பும் ரத்தம் ஏறக்குறைய முழுவதும் போர்ட்டல் சிரை வழியாக முதலில் கல்லீரலுக்குள் நுழைந்துதான் வெளியே வரும். நாக்கின் அடியிலிருந்து போகும் ரத்தம் கழுத்துச் சிரையில் சேர்ந்து நேராக இதயத்துக்கு இறங்கும். மருந்து ஒன்றுதான், போகும் வழிதான் வேறு.

சார்பிட்ரேட்டில் இருப்பது ஐசோசார்பைட் டைநைட்ரேட். 5 மி.கி. மாத்திரையை விழுங்கினால் சராசரியாகக் கால் பங்கு, அதாவது 1.25 மி.கி. அளவுதான் கல்லீரலைத் தாண்டி மாறாமல் வரும். ஆளுக்கு ஆள் இது மிகவும் வேறுபடும். நாக்கடியில் வைத்தால் ஏறக்குறைய பாதி கிடைக்கும். அளவில் இரண்டு மடங்குதான் வித்தியாசம். நேரத்தில்தான் பெரிய வித்தியாசம்: நாக்கடியில் வைத்தது சில நிமிஷங்களில் வேலையைத் தொடங்கும், விழுங்கியது முழுதாக வேலை செய்ய ஒரு மணி நேரம் வரை ஆகலாம்.

மீதி மருந்தைக் கல்லீரல் அழித்துவிடவில்லை. இரண்டு நைட்ரேட்டில் ஒன்றைக் கழற்றி மோனோநைட்ரேட்டாக மாற்றி அனுப்புகிறது. அதற்கும் ரத்தக் குழாயைத் தளர்த்தும் சக்தி உண்டு. அதைக் கல்லீரல் மறுபடி பெரிதாகத் தொடுவதில்லை என்பதால் அதையே தனி மாத்திரையாக்கி விழுங்கத் தருகிறார்கள். உங்கள் அப்பாவின் சீட்டில் காலையும் மதியமும் 'மோனோநைட்ரேட்' என்று இருந்தால் அது வலியைத் தடுக்க. வலி வந்த பிறகு அது உதவாது.

நாக்கடியில் வைக்கும்போது கட்டாயம் உட்கார வையுங்கள். நின்றபடி வைத்துக்கொண்டால் பிரஷர் இறங்கி விழுந்துவிடுவார்கள். 5 நிமிஷத்தில் வலி குறையாவிட்டால் 108.

"நைட்ரோகிளிசரினும் இதே கணக்குதானா?"

இல்லை, அங்கே கல்லீரல் ஏறக்குறைய எல்லாவற்றையும் பிடித்துவிடும். நாக்கடிக்கான 0.5 மி.கி. மாத்திரையை விழுங்கினால் கிட்டத்தட்ட ஒன்றும் மிஞ்சாது. 1879-இல் இதை நெஞ்சுவலிக்குக் கொண்டுவந்த ஆங்கிலேய மருத்துவர் வில்லியம் முரெல், முதலில் தன் மீதே சோதித்தார். கரைசல் பட்ட மூடியை நாக்கில் தொட்டுவிட்டு நோயாளியைப் பார்க்கத் தொடங்கினார். சில நிமிஷத்தில் நாடி துடிப்பு உடம்பெங்கும் உணரும் அளவுக்குத் தலை இடித்தது.

"முப்பது வருஷம் மெடிக்கல் ரெப்பா இருந்தவன். முழுங்கற நைட்ரேட் எதுவுமே பிரயோஜனமில்லைன்னு அப்பவே ஆராய்ச்சி வந்துச்சு. நீங்க சொல்றது தப்பு."

அந்த ஆராய்ச்சி நடந்தது உண்மைதான், ஐயா. 1970-களில் எலியின் கல்லீரல் நைட்ரேட்டை எவ்வளவு வேகமாகச் சிதைக்கிறது என்று பார்த்துவிட்டு, 'விழுங்கினால் பலனே இருக்காது' என்றார்கள். மனிதர்களை நடக்கவைத்துச் சோதித்தபோது அந்த முடிவு நிற்கவில்லை. கல்லீரலின் கொள்ளளவுக்கு ஒரு எல்லை உண்டு. அதனால்தான் விழுங்கும் நைட்ரோகிளிசரின் 2.6, 6.4 மி.கி. என்று பல மடங்கு அளவில் வருகிறது. சிதைந்த பொருளுக்கும் வேலை செய்யும் சக்தி உண்டு என்பதை அன்று கணக்கில் எடுக்கவில்லை.

"நாக்கடியில எது வெச்சாலும் சீக்கிரம் ஏறும். எனக்குக் காய்ச்சல்னா பாரசிட்டமாலும் அப்படித்தான்."

அதனால் லாபம் ஒன்றும் இல்லை. பாரசிட்டமாலில் பெரும்பங்கு கல்லீரலைத் தாண்டி வந்துவிடுகிறது, சுற்றுவழி தேட வேண்டியதில்லை. அதோடு நாக்கடியின் மெல்லிய தோலில் 500 மி.கி. ஊறவும் ஊறாது. கொழுப்பில் கரையும், மிகச் சிறிய அளவிலேயே வேலை செய்யும் மருந்துக்குத்தான் அந்த வழி.

"எங்க ஊர் கம்பவுண்டர் பிரஷர் ஏறினா நிஃபெடிபின் கேப்சூலைக் குத்தி நாக்கடியில பிழிவார். அதுவும் இதேதானே?"

அதை நிறுத்தச் சொல்லுங்கள். நிஃபெடிபின் நாக்கடியில் சரியாக ஊறுவதே இல்லை. பிழிந்ததை எச்சிலோடு விழுங்குகிறார்கள், அது குடலில் வேகமாக ஏறுகிறது. பிரஷர் சடாரென்று சரிந்து பக்கவாதமும் மாரடைப்பும் வந்த நிகழ்வுகள் பதிவாகி, 1990-களிலேயே எச்சரிக்கைகள் வந்துவிட்டன.

"அப்போ ஆஸ்பிரினையும் நாக்கடியில வெக்கலாமா அக்கா?"

வேண்டாம் தம்பி, மெல்லணும். இதை மாணவர்களுக்குச் சொல்லும்போது எனக்கே ஆசையாக இருக்கும். ஆஸ்பிரினில் பாதியைக் கல்லீரல் செயலிழக்க வைத்துவிடுகிறது. ஆனால் அது பிடிக்க வேண்டிய தட்டணுக்கள் குடலிலிருந்து கல்லீரலுக்குப் போகும் அதே ரத்தத்தில் மிதந்துகொண்டிருக்கின்றன. கல்லீரலைத் தொடும் முன்பே ஆஸ்பிரின் அவற்றைப் பிடித்து, ரத்தம் உறைய உதவும் நொதியை முடக்கிவிடுகிறது. தட்டணுவுக்கு உட்கரு இல்லாததால் இழந்த நொதியைத் திரும்பச் செய்ய முடியாது, ஆயுள் முடியும்வரை, ஒரு வாரம் பத்து நாள், அப்படியே இருக்கும். இங்கே விழுங்கும் வழிதான் சரியான வழி. குடலில் கரையும் பூச்சுள்ள மாத்திரை மெதுவாக ஊறும் என்பதால்தான் அவசரத்தில் மென்று விழுங்கச் சொல்கிறார்கள்.

"நானும் சார்பிட்ரேட்டை முழுங்கிட்டேன், என்ன ஆகும்?"

முதல் பதிலைப் பாருங்கள்.

"ஆசனவாயில் வைக்கிற மாத்திரை கல்லீரலுக்கே போகாதாமே?"

பாதி சரி. மலக்குடலின் கீழ்ப்பகுதி ரத்தம் கல்லீரலைத் தவிர்க்கும், மேல்பகுதி ரத்தம் போர்ட்டல் சிரையில்தான் சேரும். உள்ளே எவ்வளவு தூரம் நகர்ந்தது என்பதைப் பொறுத்துப் பலன் மாறும்.

"எனக்கு ஃபேட்டி லிவர். இந்த மாத்திரைங்க ஈரலைக் கெடுக்குமா?"

இங்கே நான் சொல்வது ஈரல் மருந்தை என்ன செய்கிறது என்பது. மருந்து ஈரலை என்ன செய்யும் என்பது வேறு கேள்வி, உங்கள் டாக்டர்தான் சொல்ல வேண்டும். ஈரல் சுருக்கம் வரை முற்றியவர்களுக்கு, ஈரலின் நிலையே ரத்தத்தில் நிற்கும் மருந்தின் அளவை மாற்றிவிடும். ப்ரோப்ரனலால் போன்ற மருந்து வழக்கமாகக் கல்லீரலில் பெரும்பங்கு கழிந்துவிடும். ஈரல் சுருங்கினால் கழிவது குறைந்து, அதே மாத்திரை பல மடங்கு ரத்தத்தில் நிற்கும்.

"மறுபடி அதே ரெப். நல்லா வேலை செய்யுதுன்னா, ஏன் எத்தனையோ பேருக்கு ஒரு மாசத்துல பலனில்லாமப் போச்சு? நேர்ல பார்த்தேன்."

நீங்கள் பார்த்தது சரி. பழியைக் கல்லீரல் மேல் போட்டதுதான் சரியில்லை. நாலு வேளையும் இடைவிடாமல் கொடுத்தால் ரத்தக் குழாய்கள் நைட்ரேட்டுக்குப் பழகிவிடும். அதனால்தான் மோனோநைட்ரேட்டைக் காலை 8-க்கும் மதியம் 3-க்கும் கொடுத்து இரவை வெறுமையாக விடுகிறோம். தோலில் ஒட்டும் பட்டையையும் இரவில் எடுத்துவிடுவார்கள்.

"பழகிப்போறது ஏன்னு உங்களால சொல்ல முடியுமா?"

ஒரே காரணமாகச் சொல்ல முடியாது, ஐயா. நைட்ரேட்டை உடைக்கும் நொதி சோர்ந்துபோவது ஒரு விளக்கம். உடம்பு உப்பையும் நீரையும் தேக்கி எதிர்ப்பது இன்னொன்று. இதில் உங்களோடு வாதாட மாட்டேன்.

"அம்மாவுக்கு நாக்கடியில வெச்சும் பத்து நிமிஷம் ஒண்ணும் ஆகல. காலாவதி தேதியும் தாண்டல."

வாயைத் திறந்து பார்த்தீர்களா? வார்டில் ஒரு பாட்டிக்கு இப்படித்தான். நாக்கைத் தூக்கச் சொன்னேன், மாத்திரை சுண்ணாம்புத் துண்டு போல வெள்ளையாக அப்படியே உட்கார்ந்திருந்தது. எச்சிலே ஊறாத வறண்ட வாய். முதலில் ஒரு மிடறு தண்ணீரால் வாயை நனைத்துத் துப்பச் சொல்லி, பிறகு வையுங்கள். கரையாத மாத்திரை எந்த வழியிலும் போகாது. ஆனால் வலி இருக்கும்போது பத்து நிமிஷம் காத்திருக்காதீர்கள், ஐந்திலேயே 108-ஐக் கூப்பிடுங்கள்.