சுயமதிப்பீடு எழுதுவது – கடிதம்

அன்புள்ள ஐயா,

அலுவலகத்தில் சுயமதிப்பீடு எழுதச் சொன்னாலே திணறிப்போகிறேன். இந்த முறை "புகார்களைக் கையாளும் முறையை முற்றிலும் மாற்றியமைத்தேன்" என்று எழுதினேன். தம்பட்டமாகப் பட்டது. "புகார்களைக் கையாள்வதில் குழுவுக்கு உதவினேன்" என்று திருத்தினேன். இப்போது ஒன்றுமே செய்யாதவள் போல இருக்கிறது. எப்படித்தான் எழுதுவது?

ர.

அன்புள்ள ர.,

இரண்டு வாக்கியங்களிலும் குறை ஒன்றுதான்: வேலையைக் காணோம். முன்பு நிலைமை எப்படி இருந்தது, நீங்கள் எதில் கைவைத்தீர்கள், பிறகு என்ன ஆனது என்பது தெரியாவிட்டால், படிப்பவருக்கு வினைச்சொல்லின் தொனி மட்டும்தான் மிஞ்சும். தொனியை ஏற்றி இறக்கிக்கொண்டே இருந்தால் இது தீராது.

உங்கள் அலுவலக விவரம் எனக்குத் தெரியாது. ஓர் உதாரணமாக இப்படி வைத்துக்கொள்வோம்:

"ஒரு புகாருக்குப் பதில் போக சராசரியாக 5 நாள் ஆனது. ஒரே புகாரை இரண்டு பேர் தனித்தனியாகச் சரிபார்ப்பதைக் கவனித்து, ஒருவரே முடிக்கலாம் என்று நான் யோசனை சொன்னேன். மென்பொருளில் அந்த மாற்றத்தைச் செய்தவர் சக ஊழியர். இப்போது 3 நாளில் பதில் போகிறது. அதே சமயத்தில் புகார்களின் எண்ணிக்கையும் குறைந்தது. வேகத்துக்கு அதுவும் ஒரு காரணம்."

இதில் புகழ்ச்சியான ஒரு பெயரடைகூட இல்லை. யோசனை உங்களுடையது என்பது அழுத்தமாகவே நிற்கிறது. கடைசி இரண்டு வாக்கியங்களை நீக்கிவிடத்தான் கை போகும். நீக்காதீர்கள். எண்ணிக்கை குறைந்தது மேலாளருக்கும் தெரியும். நீங்களே சொல்லிவிட்டால் மற்ற வரிகளையும் அவர் நம்புவார்.

தம்பட்டம் எப்போதும் பொய்யிலிருந்து வருவதில்லை. மைக்கேல் ராஸ், ஃபியோர் சிகோலி என்ற உளவியலாளர்கள் 1979இல் வெளியிட்ட ஆய்வில், கூட்டு வேலையில் அவரவர் தம் பங்கை மிகையாகவே மதிப்பிடுவதைக் காட்டினார்கள். நாம் செய்தது நமக்கு எளிதில் நினைவுக்கு வருகிறது, அடுத்தவர் செய்தது வருவதில்லை. அதனால் எழுத உட்காரும் முன் பழைய மின்னஞ்சல்களைப் புரட்டுங்கள். யார் எதைச் செய்தார்கள் என்பது அதில் இருக்கும். கூச்சப்படுபவர்களுக்கும் இதுதான் மருந்து, மறந்துபோன சொந்த வேலையும் அங்கே கிடைக்கும்.

கூச்சம் ஒளியும் இடங்கள் இரண்டு. ஒன்று, தனியாகச் செய்ததைக்கூட "நாங்கள்" என்பது. இன்னொன்று, "மேற்கொள்ளப்பட்டது", "சரிசெய்யப்பட்டது" என்று செய்தவரையே காணாமல் ஆக்குவது. அப்படி வரும் ஒவ்வொரு வரியிலும் "யார்?" என்று கேளுங்கள். பதில் நீங்கள் என்றால் "நான்" என்றே போடுங்கள்.

முடித்ததும் அந்தச் சக ஊழியர் பக்கத்தில் இருக்க, இதை வாய்விட்டுப் படிப்பதாக நினைத்துப் பாருங்கள். "என் வேலை எங்கே?" என்று அவர் கேட்பார் என்று தோன்றினால் அந்த வரி மிகை. "யோசனை உன்னுடையதுதானே, அதை ஏன் சொல்லவில்லை?" என்று கேட்பார் என்றால் குறை. அந்த வரியை மட்டும் திருத்தினால் போதும்.