விரித்துப் பார்த்தும் விடை தப்பானது ஏன்?

கேள்வி: பயிற்சித்தாளில் 6x² − 7x − 3 என்ற கோவைக்கு (3x − 1)(2x + 3) என்று காரணி எழுதினேன். விரித்தும் பார்த்தேன். முதலில் 6x², கடைசியில் −3, இரண்டும் சரியாக வந்தன. ஆனால் விடை தப்பு என்கிறார்கள். எப்படி?

பதில்: நீங்கள் பாதிதான் விரித்திருக்கிறீர்கள். இரண்டு அடைப்புகளைப் பெருக்கினால் நான்கு பெருக்கல்கள் வரும். நீங்கள் பார்த்தவை முதலும் கடைசியும் மட்டும். விட்டுப்போன இரண்டையும் போட்டுப் பாருங்கள். 3x × 3 = 9x, −1 × 2x = −2x. கூட்டினால் +7x. வேண்டியது −7x.

எண் சரி, குறி மட்டும் நேரெதிர். இப்படி வந்தால் முதலிலிருந்து தொடங்க வேண்டாம். இரண்டு அடைப்பிலும் நடுக்குறியை மாற்றினால் போதும்: (3x + 1)(2x − 3). இப்போது −9x + 2x = −7x. குறிகளை இப்படிச் சேர்த்து மாற்றும்போது 6x², −3 இரண்டும் அசையாது. அதனால்தான் அவற்றை மட்டும் பார்த்தவருக்குத் தப்பு தெரியவில்லை.

நடு உறுப்பின் எண்ணே வேறாக வந்தால் எண்களை இடம் மாற்றிப் போட்டிருக்கலாம். (3x − 3)(2x + 1) என்று எழுதியிருந்தால் 3x − 6x = −3x வரும். இதை விரிக்காமலே தள்ளிவிடலாம்: 3x − 3-இல் 3 பொதுவாக வெளியே வருகிறது, கேள்வியில் இருக்கும் 6, 7, 3 மூன்றுக்கும் அப்படிப் பொதுக் காரணி கிடையாது.

ஊகிக்காமல் செய்ய, 6 × (−3) = −18. பெருக்கினால் −18, கூட்டினால் −7 தரும் எண்கள் −9, 2. நடு உறுப்பைப் பிரித்தால்,

6x² − 9x + 2x − 3
= 3x(2x − 3) + 1(2x − 3)
= (3x + 1)(2x − 3)

இரண்டாம் வரியில் அந்த 1-ஐ எழுதாமல் விடுகிறவர்கள் நிறைய. அப்புறம் அடைப்புக்குள் 3x மட்டும் தனியாக நின்று முழிக்கும்.

சரிபார்க்கும்போது மேலே பிரித்த வரியைக் கையால் மறைத்துக்கொள்ளுங்கள். அது கண்ணில் பட்டால் பெருக்காமலே −9x + 2x என்று பார்த்து எழுதிவிடுவோம். நானே அப்படி எழுதி மாட்டியிருக்கிறேன்.

விரித்துப் பார்ப்பதில் பிடிபடாத ஒன்றும் உண்டு. 2x² + 10x + 12-க்கு (2x + 4)(x + 3) என்று எழுதி விரித்தால் கேள்வி அப்படியே திரும்ப வரும். ஆனால் முதல் அடைப்பில் இன்னும் 2 பொதுவாக இருக்கிறது. முழு விடை 2(x + 2)(x + 3). ஆகவே விரித்து முடித்ததும் ஒவ்வோர் அடைப்புக்குள்ளும் பொதுக் காரணி மிச்சம் இருக்கிறதா என்று ஒருமுறை பார்த்துவிடுங்கள்.