பழைய கதை நினைவிருக்கிறது, காலையில் சாப்பிட்டது நினைவில்லை

அன்புள்ள அக்காவுக்கு,

பட்டர்வொர்த்திலிருந்து எழுதுகிறேன். அம்மாவுக்கு 77 வயது. போன வருடம் அல்சைமர் என்று சொல்லி டோனெபெசில் 5 மில்லிகிராம் கொடுத்தார்கள். இரண்டு மாதத்துக்கு முன் அதை 10 ஆக்கினார்கள். அதன்பிறகு சிறுநீரை அடக்க முடியவில்லை, பாத்ரூம் போய்ச் சேர்வதற்குள் உடை நனைந்துவிடுகிறது. பக்கத்து கிளினிக்கில் அதற்கு ஆக்ஸிபியூட்டினின் கொடுத்தார்கள். இப்போது நனைவது குறைந்திருக்கிறது. ஆனால் சாயங்காலமானால் சொந்த வீடே அடையாளம் தெரியாமல் தடுமாறுகிறார். தோட்டத்தில் பால் வெட்டிய காலத்துக் கதையெல்லாம் வரிசையாகச் சொல்கிறார். காலையில் என்ன சாப்பிட்டார் என்று கேட்டால் தெரியவில்லை. ஞாபக மாத்திரையால் பயனில்லை, நிறுத்திவிடலாம் என்கிறார் என் அக்கா. அந்த மாத்திரை உண்மையில் என்ன செய்கிறது?

— பட்டர்வொர்த் வாசகர்

அன்புள்ள தம்பி,

நீங்கள் எழுதியிருக்கும் இரண்டு மருந்துகளும் அம்மாவின் உடம்பில் ஒன்றை ஒன்று எதிர்த்து வேலை செய்கின்றன. எதையும் நீங்களாக நிறுத்தாமல், வீட்டில் அம்மா சாப்பிடும் எல்லா மாத்திரைகளையும் ஒரு பையில் போட்டுக்கொண்டு, டோனெபெசில் எழுதிக்கொடுத்த டாக்டரை இந்த வாரமே பாருங்கள். காரணம், நரம்பணுக்கள் செய்தி அனுப்பச் சுரக்கும் அசிட்டைல்கோலின் என்ற வேதிப்பொருளில் இருக்கிறது.

மூளையின் முன்பகுதிக்கு அடியில் மெய்னர்ட் உட்கரு என்றொரு நரம்பணுக் கூட்டம் உண்டு. சின்னஞ்சிறிய இடம்தான், ஆனால் அதன் இழைகள் மூளையின் வெளிப்பரப்பான புறணி முழுவதும் பரவி அங்கே அசிட்டைல்கோலினைச் சுரக்கின்றன. பக்கத்திலேயே இருக்கும் இன்னொரு கூட்டம், புதிய நினைவுகளைப் பதிவு செய்யும் ஹிப்போகாம்பஸுக்கு அதே பொருளை அனுப்புகிறது. டிவி ஓடிக்கொண்டிருக்கும்போது நீங்கள் அம்மாவிடம் "மத்தியானம் டாக்டரிடம் போகணும்" என்கிறீர்கள். அந்த நேரத்தில் சுரக்கும் அசிட்டைல்கோலின், காதுவழி வரும் உங்கள் குரலுக்கான நரம்புச் செய்தியை வலுவாக்குகிறது. மூளைக்குள் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் பழைய தொடர்புகளின் சத்தத்தை அடக்குகிறது. கவனம் என்று நாம் சொல்வதில் பெரும்பங்கு இதுதான். இப்படித் தெளிவாக வந்து சேர்ந்த செய்தியைத்தான் ஹிப்போகாம்பஸ் பதிய முடியும்.

அசிட்டைல்கோலின் குறைந்தால் முதலில் அடிபடுவது புதிய பதிவு. காலையில் சாப்பிட்ட தோசை அம்மாவுக்கு மறந்துபோகவில்லை, பெரும்பாலும் சரியாகப் பதியவே இல்லை. பால் வெட்டிய காலத்து நினைவுகள் எத்தனையோ முறை சொல்லப்பட்டு, புறணியில் வேரூன்றிவிட்டவை. அவற்றை எடுத்துப் பேச அசிட்டைல்கோலின் அந்த அளவுக்குத் தேவைப்படுவதில்லை. நோய் முற்றும்போது அவையும் போகும், ஆனால் பின்னால்தான்.

ஊமத்தங்காய் தின்றால் பித்துப் பிடிக்கும் என்று நம் பாட்டிமார் எச்சரிப்பார்கள் இல்லையா? ஊமத்தையில் இருக்கும் ஸ்கோபோலமின், அசிட்டைல்கோலின் வந்து உட்கார வேண்டிய ஏற்பிகளை அடைத்துவிடுகிறது. 1974இல் டிராக்மன், லெவிட் என்ற இரண்டு ஆய்வாளர்கள் ஆரோக்கியமான இளைஞர்களுக்கு அதை அளவாகக் கொடுத்துச் சோதித்தார்கள். அப்போதுதான் கேட்ட எண்களை உடனே திருப்பிச் சொல்வதில் சிக்கல் இல்லை. புதிதாக ஒன்றை மனதில் நிறுத்தத்தான் முடியவில்லை. வயதானவர்களிடம் காணும் மறதியின் சாயல் அந்த இளைஞர்களிடம் தெரிந்தது. 1976இல் எடின்பரோவில் டேவிஸும் மெலோனியும், அல்சைமரில் இறந்தவர்களின் மூளையில் அசிட்டைல்கோலினை உருவாக்கும் நொதி மிகவும் குறைந்திருப்பதைக் காட்டினார்கள். சில வருடங்களில், மெய்னர்ட் உட்கருவின் அணுக்களே அழிந்துபோவதும் தெரியவந்தது.

குறைந்ததை ஊசியாகவோ மாத்திரையாகவோ கொடுக்கலாமே என்று தோன்றும். அசிட்டைல்கோலின் இரத்தத்திலேயே சிதைந்துவிடும், மூளைக்குள்ளும் புகாது. அதன் மூலப்பொருளான கோலினைக் கொடுத்துப் பார்த்தார்கள், பலன் கிடைக்கவில்லை. மிஞ்சிய வழி, சுரந்ததைக் கொஞ்சம் அதிக நேரம் இருக்கவிடுவது. நரம்பு முனைகளுக்கு இடையில் ஒரு நொதி காத்திருந்து, சுரந்த அசிட்டைல்கோலினை ஒரு விநாடிக்கு ஆயிரக்கணக்கான மூலக்கூறுகள் என்ற வேகத்தில் உடைக்கிறது. டோனெபெசில் அந்த நொதியைத்தான் தடுக்கிறது.

இந்த மருந்தின் எல்லையும் இங்கேயே இருக்கிறது. சுரப்பதற்கு உயிருள்ள அணு வேண்டும். அணுக்கள் சாவதை மாத்திரை தடுப்பதில்லை. 30 மதிப்பெண்ணுக்கு நடத்தும் நினைவுச் சோதனையில், ஆறு மாத ஆய்வுகளில், மருந்தில்லாத வெறும் மாத்திரை சாப்பிட்டவர்களைவிட இதைச் சாப்பிட்டவர்கள் சராசரியாக ஏறக்குறைய 1 மதிப்பெண்தான் கூடுதலாக எடுத்தார்கள். சிலருக்கு நல்ல பலன் தெரியும், சிலருக்கு ஒன்றுமே தெரியாது. இதை மருந்து தொடங்கும் நாளிலேயே குடும்பத்தாரிடம் சொல்லிவிட வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. கோலாலம்பூரில் மருந்தாளுநராக இருந்த வருடங்களில், ஞாபகம் திரும்பிவிடும் என்று நம்பிக் காத்திருந்து மனம் உடைந்த பிள்ளைகளை நிறையப் பார்த்திருக்கிறேன்.

இப்போது சிறுநீருக்கு வருகிறேன். அசிட்டைல்கோலின் மூளையில் மட்டும் இல்லை. சிறுநீர்ப்பையைச் சுருங்கச் செய்வதும், குடலை அசையவைப்பதும், இதயத் துடிப்பை மெதுவாக்குவதும் அதுவே. டோனெபெசில் 5 இலிருந்து 10 ஆனதும் சிறுநீர்ப்பைக்கும் அது கூடுதலாகக் கிடைத்திருக்கும். அதனால் அவசரம் வந்திருக்கலாம். ஆக்ஸிபியூட்டினின், ஊமத்தையின் வழியிலேயே அந்த ஏற்பிகளை அடைக்கும் மருந்து. சிறுநீர்ப்பை அடங்கும். ஆனால் அது மூளைக்குள்ளும் புகக்கூடியது. ஒரு மருந்து சேர்த்ததை இன்னொன்று பறிக்கிறது, அம்மா இரண்டையும் விழுங்குகிறார். இது அபூர்வமும் அல்ல. டோனெபெசில் வகை மருந்து எடுக்கும் முதியவர்களுக்கு இப்படி எதிர்மருந்து எழுதப்படுவது அதிகம் என்று கனடாவின் ஒன்டாரியோவில் நடந்த ஆய்வு 2005இல் காட்டியது.

இதுதான் காரணமா என்று கண்டுபிடிக்கத் தேதிகள் உதவும். 10 மில்லிகிராம் தொடங்கிய நாள், உடை முதலில் நனைந்த நாள், ஆக்ஸிபியூட்டினின் தொடங்கிய நாள், சாயங்காலத் தடுமாற்றம் ஆரம்பித்த நாள், இந்த நான்கையும் ஒரு தாளில் எழுதுங்கள். புது மாத்திரை வந்த சில நாட்களில் தடுமாற்றம் கூடியிருந்தால், கூடவே வாய் உலர்ந்து மலச்சிக்கலும் இருந்தால், சந்தேகம் வலுக்கிறது. சிறுநீர்த் தொற்றும் இதே குழப்பத்தைத் தரும் என்பதால் முதலில் சிறுநீர்ப் பரிசோதனை செய்யச் சொல்லுங்கள். தூக்கம் வரவைக்கும் சளி மாத்திரைகளிலும் அரிப்பு மாத்திரைகளிலும் இதே அடைப்பு வேலை உண்டு. ஃபார்மசியில் கேட்டு வாங்கியது எதுவானாலும் பையில் போடுங்கள்.

டாக்டர் டோனெபெசிலை மீண்டும் 5 ஆக்கலாம். ஆக்ஸிபியூட்டினினை நிறுத்திவிட்டு, இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை அம்மாவைப் பாத்ரூம் அழைத்துப்போகச் சொல்லலாம். மருந்து கட்டாயம் வேண்டுமென்றால், அசிட்டைல்கோலினைத் தொடாத மிராபெக்ரான் போன்றது இருக்கிறது, இரத்த அழுத்தம் பார்த்துத்தான் கொடுப்பார்கள். ஆக்ஸிபியூட்டினின் உடம்பைவிட்டுச் சீக்கிரம் போய்விடும், தடுமாற்றம் அதனால்தான் என்றால் சில நாட்களில் வித்தியாசம் தெரிய வேண்டும்.

உங்கள் அக்காவிடம் இதைச் சொல்லுங்கள். எதிர்மருந்து கூடவே இருக்கும் வரை டோனெபெசில் பயன் தருகிறதா என்று யாராலும் கணிக்க முடியாது. நோய் ஓரளவு முற்றியவர்களிடம் பிரிட்டனில் நடந்து 2012இல் வெளியான ஆய்வில், மருந்தை நிறுத்தியவர்கள் தொடர்ந்தவர்களைவிட வேகமாகச் சரிந்தார்கள். அதற்காக என்றைக்கும் நிறுத்தவே கூடாது என்றில்லை. எடை குறைந்துகொண்டே போனாலோ, வாந்தி நிற்காவிட்டாலோ, நாடித்துடிப்பு 50க்குக் கீழே இறங்கினாலோ, எழுந்து நிற்கும்போது மயங்கி விழுந்தாலோ டாக்டரே நிறுத்தலாம். மயக்கம் வந்தால் மட்டும் அடுத்த அப்பாயின்ட்மென்டுக்குக் காத்திருக்காமல் அன்றைக்கே மருத்துவமனைக்கு அழைத்துப் போங்கள்.